ஒரு மின்னஞ்சல், அதன் இணைப்புகள், ஒரே பிடிஎஃப்

கேள்வி: ஐயா, செம்பூரில் எங்கள் ஹவுசிங் சொசைட்டிக்கு இந்த ஆண்டு நான்தான் செயலாளர். காண்டிராக்டர்கள் கொட்டேஷனை மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றிலும் நாலைந்து இணைப்புகள். ஆடிட்டர், "ஒரு கடிதத்துக்கு ஒரே பிடிஎஃப் இருக்க வேண்டும், இணைப்புகளும் அதற்குள்ளேயே வர வேண்டும்" என்கிறார். ஜிமெயிலில் பிரிண்ட் கொடுத்தால் கடிதம் மட்டும்தான் வருகிறது. என்ன செய்வது?

பதில்:

ஜிமெயிலின் பிரிண்ட் எப்போதும் கடிதத்தோடு நின்றுவிடும். கடைசிப் பக்கத்தின் அடியில் இணைப்புகளின் பெயரும் அளவும் மட்டும் இருக்கும். பலர் அதைப் பார்த்து, இணைப்புகளும் வந்துவிட்டன என்று நம்பிவிடுகிறார்கள். மும்பையின் கோட்டைப் பகுதியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் நானே அப்படி ஏமாந்தவன். ஒரு வழக்குக்காக நாற்பது கடிதங்களைப் பிடிஎஃப் ஆக்கி வைத்தோம். பிறகு அலுவலகம் மின்னஞ்சல் சேவையை மாற்றியது, பழைய பெட்டி மூடப்பட்டது. வழக்கறிஞர் இணைப்புகளைக் கேட்டபோது எங்களிடம் நாற்பது பெயர்ப்பட்டியல்கள்தான் இருந்தன.

உங்கள் ஆடிட்டர் கேட்பதை இரண்டு விதமாகச் செய்யலாம். இணைப்புகளையெல்லாம் பக்கங்களாக மாற்றி, கடிதத்துக்குப் பின்னால் வரிசையாகச் சேர்த்துவிடலாம். அல்லது பிடிஎஃப் கோப்புக்குள் வேறொரு கோப்பை அப்படியே செருகலாம். டிபன் கேரியரின் அடுக்குக்குள் சிறு டப்பாவை வைப்பது போல. முதல் வழியில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் மூலம் போய்விடும். இரண்டாவதில் மூலம் இருக்கும், ஆனால் தாளில் அச்சிட்டால் ஒன்றும் வராது. என் பழக்கம் இரண்டையும் ஒரே கோப்பில் செய்வது. மேலே படிப்பதற்குப் பக்கங்கள், உள்ளே மூல மின்னஞ்சல்.

மூல மின்னஞ்சல் என்று நான் சொல்வது `.eml` கோப்பை. ஜிமெயிலில் கடிதத்தின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால் Download message என்று இருக்கும். அதில் இறங்குவதுதான் இது. அனுப்பியவர், பெற்றவர், நேரம், வழியில் கடந்த சர்வர்களின் முத்திரைகள், கடித வாசகம், எல்லா இணைப்புகளும் இந்த ஒரு கோப்புக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. இணைப்புகள் எழுத்துகளாக மாற்றி வைக்கப்பட்டிருப்பதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆறு எம்பி இணைப்புகள் எட்டு எம்பிக்கு மேல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஆகவே இணைப்புகளை ஒவ்வொன்றாகச் செருக வேண்டிய அவசியம் இல்லை. இந்த ஒன்றைச் செருகினால் எல்லாம் செருகியதாயிற்று.

உங்களுக்கு வரக்கூடிய ஒரு கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். மொட்டைமாடி நீர்க்கசிவு வேலைக்கு, மழைக்கு முன்னால், 2025 ஏப்ரல் 16 அன்று ஒரு கொட்டேஷன் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைப்புகள்: டிஜிட்டல் கையெழுத்திட்ட கொட்டேஷன் பிடிஎஃப், வேலை அளவுப் பட்டியலாக ஓர் எக்செல், மராத்தியில் ஒரு வேர்டு உத்தரவாதக் கடிதம், விரிசல்களின் ஐந்து புகைப்படங்கள்.

முதலில் கடிதம். உரையாடல் முழுவதையும் அச்சிடும் Print all வேண்டாம். அதில் பழைய கடிதங்களின் மேற்கோள் பகுதிகளை ஜிமெயில் மறைத்து, மறைத்ததாக ஒரு வரி மட்டும் போட்டுவிடும். அந்த ஒரு கடிதத்தின் மூன்று புள்ளிகளுக்குள் இருக்கும் Print தான் வேண்டும். அதற்கு முன் இரண்டைப் பாருங்கள். கடிதத்தில் படங்கள் தடுக்கப்பட்டிருந்தால் காட்டச் சொல்லுங்கள். அனுப்பியவரின் சர்வரில் இருந்து வரும் படங்கள் `.eml` கோப்புக்குள் இருப்பதில்லை, நாளை அந்த சர்வர் போனால் படமும் போய்விடும். மூலத்தில் இல்லாத ஒன்றை அச்சுப் பக்கம் காப்பாற்றித் தரும் இடம் இது ஒன்றுதான். இரண்டாவது, மிக நீளமான கடிதத்தை ஜிமெயில் பாதியில் வெட்டி View entire message என்று காட்டும். அப்படி இருந்தால் அதைத் தட்டி முழுவதையும் திறந்து அச்சிடுங்கள்.

குரோமில் அச்சு இலக்காக Save as PDF தேர்ந்தெடுங்கள். More settings என்பதற்குள் Headers and footers இருக்கும். அழகாக இல்லை என்று பலர் அதை எடுத்துவிடுவார்கள். பதிவேட்டுக்கு என்றால் நான் விட்டுவைப்பேன், எந்த நாளில் அச்சிட்டீர்கள் என்பது ஓரத்தில் நிற்கும். இந்தக் கடிதம் இரண்டு பக்கம் வந்தது என்று கொள்வோம். இரண்டாம் பக்க அடியில் இணைப்புகளின் பட்டியல் நிற்கும். அதை அழிக்காதீர்கள், கடைசியில் சரிபார்க்க அதுதான் துணை.

அந்தப் பட்டியலில் இல்லாத இணைப்பு ஒன்று இருக்கக்கூடும். 25 எம்பிக்கு மேற்பட்டதை ஜிமெயில் இணைப்பாக அனுப்பாது, கூகுள் டிரைவ் இணைப்புச்சுட்டியாக மாற்றிவிடும். கடிதத்தில் அது இணைப்பு போலத்தான் தெரியும். ஆனால் கோப்பு அனுப்பியவரின் டிரைவில்தான் கிடக்கிறது, `.eml` கோப்பில் வெறும் முகவரிதான் இருக்கும். அவர் நாளை அழித்தால் உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. காண்டிராக்டர்கள் வீடியோ அனுப்பும்போது இது வழக்கமாக நடக்கும். அன்றே இறக்கி வைத்துவிடுங்கள்.

எக்செல்தான் அதிகம் தொல்லை தருவது. அதில் பிடிஎஃப் ஆகச் சேமித்தால், இயல்பாகத் திறந்திருக்கும் தாள் மட்டும்தான் வெளியே வரும். நம் பட்டியலில் முதல் தாள் சுருக்கம், இரண்டாவது வேலை விவரம், மூன்றாவது பொருள் விலை. முதல் தாளை மட்டும் பிடிஎஃப் ஆக்கி வைத்தால் மொத்தத் தொகை தெரியும், அது எப்படி வந்தது என்று தெரியாது. கமிட்டியில் யாராவது "சதுர அடிக்கு எவ்வளவு போட்டார்?" என்று கேட்டால் பதில் இருக்காது. சேமிக்கும் பெட்டியில் Options திறந்து Entire workbook தேர்ந்தெடுங்கள். அதற்கும் முன்னால், ஒவ்வொரு தாளிலும் Page Layout பகுதியில் Width என்பதை ஒரு பக்கமாக வையுங்கள், Height அப்படியே Automatic ஆக இருக்கட்டும். இல்லையென்றால் கடைசிப் பத்தியான தொகை மட்டும் தனியாக இன்னொரு பக்கத்துக்குப் போய், எந்த வரிக்கு எந்தத் தொகை என்று புரியாமல் நிற்கும். மறைத்து வைத்த தாள்களும் பத்திகளும் பிடிஎஃபில் வராது. சூத்திரங்களும் வராது, எண்கள் மட்டும் வரும். உள்ளே மூலத்தை வைக்கச் சொல்வதன் முக்கியக் காரணமே இதுதான். மூன்று தாளும் சேர்ந்து நான்கு பக்கம் வந்தன.

மராத்திக் கடிதத்தைத் திறந்ததும் எழுத்தைப் பாருங்கள். மும்பையில் பல சிறிய அலுவலகங்கள் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கின்றன. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். அதைப் பிடிஎஃப் ஆக்கினால் குப்பைதான் நிரந்தரமாகும். அனுப்பியவரையே அவருடைய கணினியில் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள், எழுத்துரு கோப்புக்குள்ளேயே வந்துவிடும். ஆனால் அது இன்னொரு நாளில் வந்த இன்னொரு கடிதம். பழைய கடிதத்தோடு கலக்காமல் தனியாகப் பதியுங்கள். ஏப்ரல் 16 அன்று வந்தது குப்பையாகத் தெரியும் கோப்புதான் என்பதும் பதிவின் ஒரு பகுதி. நம் உதாரணத்தில் எழுத்து சரியாகவே இருந்தது, ஒரு பக்கம்.

புகைப்படங்களை விண்டோஸில் ஐந்தையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் Print கொடுத்து, Microsoft Print to PDF வழியாக ஐந்து பக்கக் கோப்பாக்கலாம். அந்தப் பெட்டியில் Fit picture to frame என்று ஒரு கட்டம் டிக் செய்யப்பட்டே இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இருந்தால் தாளை நிரப்புவதற்காகப் படத்தின் ஓரங்களை வெட்டிவிடும். விரிசலின் பக்கத்தில் அளவுநாடாவை வைத்து எடுத்த படத்தில் வெட்டுப்படுவது பெரும்பாலும் அந்த நாடாதான். படம் எடுத்த தேதி, கைப்பேசியின் விவரம் போன்றவை பக்கத்தில் வராது. அவை வேண்டுமானால் மூலத்தில்தான் தேட வேண்டும்.

கொட்டேஷன் ஏற்கெனவே பிடிஎஃப், மூன்று பக்கம். வேலையே இல்லை என்று தோன்றும், ஆனால் கவனமாக இருக்க வேண்டியது இங்கேதான். டிஜிட்டல் கையெழுத்து என்பது அந்தக் கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் சேர்த்துப் பூட்டிய பூட்டு. பக்கங்களை எடுத்து வேறொரு கோப்பில் சேர்த்த கணமே அது செல்லாது. கையெழுத்துக் கட்டமும் பெயரும் பக்கத்தில் தெரியலாம், ஆனால் சரிபார்க்க முடியாது. முன்பக்கங்களில் இருப்பது படிப்பதற்கான நகல், கையெழுத்து உயிரோடு இருப்பது உள்ளே உள்ள மூலத்தில். கடவுச்சொல் போட்ட பிடிஎஃப் வந்தாலும் இதே கதைதான். பூட்டைத் திறந்து ஒரு நகல் எடுத்தால்தான் சேர்க்க முடியும். மூலம் பூட்டோடே உள்ளே இருக்கும் என்பதால் கடவுச்சொல்லைப் பதிவேட்டில் எழுதிவைக்க மறக்காதீர்கள்.

இப்போது சேர்ப்பது. பக்கங்களை மட்டும் சேர்க்க இலவசச் செயலிகள் பல உண்டு. பக்கங்களையும் சேர்த்து உள்ளே கோப்பையும் செருக நான் பயன்படுத்துவது `qpdf` என்ற இலவசக் கருவி. கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் தட்டச்சு செய்ய வேண்டும், அதைக் கண்டு தயங்க வேண்டாம், இரண்டே வரிகள். எல்லாக் கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில், வரிசை எண் போட்ட பெயர்களோடு வையுங்கள். மூலத்துக்கு `original.eml` என்று பெயரிடுங்கள்.

```
qpdf --empty --pages 00-mail.pdf 01-quote.pdf 02-boq.pdf 03-warranty.pdf 04-photos.pdf -- joined.pdf
qpdf joined.pdf --add-attachment original.eml -- 2025-04-16_terrace-quote.pdf
```

முதல் வரி பக்கங்களைச் சேர்க்கிறது, இரண்டாவது மூலத்தைச் செருகுகிறது. நடுவில் தனியாக நிற்கும் இரண்டு கோடுகளை விட்டுவிட்டால் பிழை காட்டும், அங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். பெயரை ஆண்டு, மாதம், நாள் என்று தொடங்கினால் ஃபோல்டரில் தானாகவே தேதி வரிசையில் நிற்கும். டிரைவிலிருந்து இறக்கிய கோப்பு இருந்தால், இரண்டாம் வரியில் கடைசிப் பெயருக்கு முன்னால் `--add-attachment video.mp4 --` என்று அந்தக் கோப்பின் பெயரோடு இன்னொன்றும் சேர்த்து ஓட்டுங்கள். ஜிப் கோப்பைச் செருகுவதை மட்டும் தவிருங்கள், அடோப் ரீடர் பாதுகாப்புக் காரணத்துக்காக அதைத் திறக்கவிடாது. விரித்து உள்ளே இருப்பதைச் செருகலாம்.

கட்டணம் செலுத்தும் அடோப் அக்ரோபாட்டும் அவுட்லுக்கும் உங்களிடம் இருந்தால், இணைப்புகளைச் செருகி மின்னஞ்சலைப் பிடிஎஃப் ஆக்கும் வசதி அதில் உண்டு. ஆனால் அங்கே இணைப்புகள் பக்கங்களாக விரியாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். தாளில் அச்சிட்டுப் பார்க்கும் ஆடிட்டருக்கு அது போதாது. கோப்பைப் பதிவேற்றினால் சேர்த்துத் தரும் இணையதளங்கள் பக்கம் நான் போவதில்லை. உறுப்பினர்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் உள்ள கடிதத்தை அறியாத சர்வருக்கு அனுப்பச் செயலாளருக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. ஜிமெயிலோடு ஒட்டிக்கொள்ளும் நீட்சிகளிலும், பெட்டி முழுவதையும் படிக்க அனுமதி கேட்பவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

சரிபார்ப்பது இரண்டு நிமிட வேலை. முதலில் பக்க எண்ணிக்கை. கடிதம் 2, கொட்டேஷன் 3, எக்செல் 4, உத்தரவாதம் 1, படங்கள் 5, மொத்தம் 15 வர வேண்டும். 13 என்று காட்டினால் எக்செலில் ஒரு தாள் விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, இரண்டாம் பக்க அடியில் உள்ள இணைப்புப் பட்டியலை விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கடைசியாக, முடிந்த கோப்பை ஃபயர்பாக்ஸில் திறந்தால் பக்கப் பட்டையில் செருகிய கோப்புகளின் பட்டியல் தெரியும். அங்கிருந்து மூலத்தை `check.eml` என்று வெளியே சேமித்து, கமாண்ட் பிராம்ப்டில் இதை ஓட்டுங்கள்.

```
fc /b original.eml check.eml
certutil -hashfile original.eml SHA256
```

முதல் வரிக்கு வேறுபாடு இல்லை என்று விடை வந்தால், உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒன்றே. இரண்டாவது அந்தக் கோப்பின் விரல்ரேகை போன்ற ஒரு நீண்ட எண்ணைத் தரும். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். இந்தச் சோதனைக்குக் கைப்பேசியை நம்பாதீர்கள். பல கைப்பேசிச் செயலிகள் உள்ளே கோப்பு இருப்பதையே காட்டுவதில்லை. கமிட்டியில் ஒருவர் "என் போனில் ஒன்றும் இல்லையே" என்று நிச்சயம் சொல்வார். அதற்காகத்தான் 15 பக்கங்கள் வெளியே இருக்கின்றன.

நேரம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கொட்டேஷனில் சண்டை அதில்தான் வரும். மூலத்தை நோட்பேடில் திறந்தால் மேலே Received என்று தொடங்கும் வரிகள் இருக்கும். சிலவற்றில் நேரத்துக்குப் பின்னால் `-0700` என்று இருக்கும். அது அமெரிக்க சர்வரின் கோடைகால நேரம். நம் நேரத்துக்குப் பன்னிரண்டரை மணி கூட்ட வேண்டும். கடைசி நேரம் ஏப்ரல் 16 மாலை 6 மணி என்று வைத்திருந்தால், அங்கே 16ஆம் தேதி காலை 05:10:00 -0700 என்று நிற்கும் கடிதம் நமக்கு மாலை 5.40க்கு வந்தது. நேரத்துக்குள் வந்ததுதான். அச்சுப் பக்கத்தின் தலைப்பில் இருப்பது உங்கள் கணினி எந்த நேர மண்டலத்தில் இருக்கிறதோ அதன்படி. துபாயில் மகன் வீட்டில் உட்கார்ந்து அச்சிட்டால் ஒன்றரை மணி பின்னால் காட்டலாம்.

இவ்வளவு எதற்கு என்று ஆடிட்டரே கேட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 7ஆம் பிரிவைச் சொல்லுங்கள். மின்னணுப் பதிவை அது உருவான, அனுப்பப்பட்ட அல்லது பெறப்பட்ட வடிவத்தில் வைக்க வேண்டும், அல்லது அதைத் துல்லியமாகக் காட்டும் வடிவத்தில் வைக்க வேண்டும் என்கிறது அது. எங்கிருந்து வந்தது, எங்கே போனது, எந்த நாள், எந்த நேரம் என்பதும் தெரிய வேண்டும். விவகாரம் நீதிமன்றம் போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டும். அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில் மேலே சொன்ன விரல்ரேகை எண்ணைக் கேட்கிறார்கள். பிடிஎஃப் பக்கங்களுக்கு அந்த எண் எடுத்துப் பெரிய பயன் இல்லை, அவை நீங்கள் உருவாக்கியவை. மூலத்தின் எண்தான் பேசும். கடிதம் வந்த அன்றே எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

நீண்ட காலம் பாதுகாப்பதற்கான பிடிஎஃப் வடிவமான பிடிஎஃப்/ஏ வேண்டும் என்று ஆடிட்டர் கேட்டால், எந்த வகை என்று கேளுங்கள். முதல் வகையில் உள்ளே கோப்பே வைக்க முடியாது. இரண்டாவதில் பிடிஎஃப்/ஏ கோப்புகளை மட்டும் வைக்கலாம். 2012இல் வந்த மூன்றாம் வகை எந்தக் கோப்பையும் அனுமதிக்கிறது. மாற்றித் தரும் செயலியில் தவறான வகையைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் மூலம் சத்தமில்லாமல் காணாமல் போகலாம். மாற்றிய பிறகு ஃபயர்பாக்ஸில் மறுபடி திறந்து பார்த்துவிடுங்கள்.

சொசைட்டியில் தபால் வரவுப் பதிவேடு இருக்குமே, அதில் இந்தக் கடிதத்துக்கும் ஒரு வரி போடுங்கள்: வந்த தேதி, கோப்பின் பெயர், 15 பக்கம், விரல்ரேகை எண்ணின் முதல் எட்டு எழுத்துகள். முழு எண்ணைத் தனி நோட்டில் ஒட்டிவைக்கலாம். அடுத்த தேர்தலில் வேறொருவர் செயலாளராக வந்தாலும், அந்த வரியைப் பார்த்துக் கோப்பைத் திறந்து எண்ணிக்கொள்வார்.